லீவு முடிந்து வரும் டீச்சருக்கு முதல் எட்டு வாரம்



எங்கள் அலுவிகாரைப் பக்கத்தில் இரண்டு டீச்சர்மார் அடுத்த மாதம் பிரசவ லீவு முடிந்து பாடசாலைக்குத் திரும்புகிறார்கள். இருவரும் வெவ்வேறு நாட்களில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஒரு மணித்தியாலம் முந்திப் போகலாம் என்று சேர்கியுலர்ல இருக்குதானே டீச்சர், அதை எப்படி எடுக்கிறது?" தனித்தனியாகப் பதில் சொல்வதை விட இங்கே எழுதினால் அதிபர்மாரும் நேரசூசி போடுபவர்களும் வாசிப்பார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் சட்டம் என்ன தருகிறது என்று பார்ப்போம். அரச சேவையில் உள்ள தாய்க்கு 2005 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கையின்படி முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் லீவு. அதற்குப் பிறகு வேண்டுமானால் அரைச் சம்பளத்தில் 84 நாள், சம்பளமில்லாமல் இன்னும் 84 நாள் எடுக்கலாம். வீட்டுக் கடன், லோன் என்று இருக்கும் பெரும்பாலான டீச்சர்மார் முழுச் சம்பள லீவு முடிந்தவுடன் வந்து விடுவார்கள். அப்படி வருபவருக்கு, பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும் வரை, பாலூட்டுவதற்காக வழமையான நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்பு போகலாம் என்ற சலுகை இருக்கிறது.

சனி, ஞாயிறு, போயா, மற்ற அரச விடுமுறைகள் எல்லாம் 84இல் சேராது என்பதால் அது கிட்டத்தட்ட நான்கு மாதத்துக்கு வரும். எனது இரண்டாவது பிள்ளைக்கு, பிரசவத்துக்குப் பத்து நாள் முன்பே லீவு தொடங்கியதால், நான் திரும்பிப் போன அன்று ஏறக்குறைய நான்கு மாதம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்றுதான் கிளினிக்கில் சொல்கிறார்கள். ஆகவே நாம் பேசுவது எட்டு, ஒன்பது வாரம்தான். வருடக் கணக்கில் யாரும் சலுகை கேட்கவில்லை.

இப்போது அந்த ஒரு மணித்தியாலத்தை நேரசூசியில் வைத்துப் பாருங்கள். வழமையான பாடசாலை நாள் 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிகிறது. காலைக் கூட்டத்துக்கு 20 நிமிடம், இடைவேளைக்கு 20 நிமிடம் போக, 40 நிமிடப் பாடவேளைகள் எட்டு. ஏழாவது பாடவேளை 12.10க்குத் தொடங்கி 12.50க்கு முடிகிறது, எட்டாவது 1.30க்கு. நான் 12.30க்குப் போகலாம் என்றால் ஏழாவது பாடவேளையின் நடுவில் எழுந்து போக வேண்டும். நடுவில் போக முடியாது. எனவே அந்த ஒரு மணித்தியாலம் உண்மையாகக் கிடைக்க வேண்டுமானால் ஏழாவதும் எட்டாவதும் என் பெயரில் இருக்கவே கூடாது. (ஜும்ஆவுக்காக வெள்ளிக்கிழமை முன்னதாக முடியும் பாடசாலைகளில் அந்த நாளின் நேரங்கள் மாறும். ஆனால் கணக்கின் முறை இதுதான்.)

வாரத்துக்கு 40 இடம். கடைசி இரண்டையும் ஐந்து நாளும் மூடினால் மிச்சம் 30. எனக்கு ஆறு வகுப்புகளில் கணிதம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து பாடவேளை, மொத்தம் 30. அதாவது முதல் பாடவேளையிலிருந்து ஆறாவது வரை, இடைவேளை 20 நிமிடம் தவிர ஒரு நிமிடம் கூட வெறுமையாக இல்லாமல் தொடர்ந்து நிற்க வேண்டும். நான்கு மாதப் பிள்ளைக்குப் பால் கொடுக்கும், இரவில் இரண்டு மூன்று முறை எழும்பும் ஒரு பெண் அப்படி நிற்க முடியாது. ஆகவே இரண்டு விடயம் சேர்ந்து நடக்க வேண்டும். கடைசி இரண்டு பாடவேளைகள் மூடப்பட வேண்டும், மொத்தப் பாடவேளைகளும் கொஞ்ச காலத்துக்குக் குறைய வேண்டும். முதலாவது சட்டத்தில் இருக்கும் சலுகையை நடைமுறையாக்குவது. இரண்டாவது பாடசாலைக்குள் பேசிச் செய்து கொள்வது. அனுமதிக் கடிதம் கோப்பில் கிடந்தால் மட்டும் இரண்டில் ஒன்றும் நடக்காது.

இது எனக்கு முதல் பிள்ளையின் போது தெரிந்தது. அப்போது நான் வேறொரு பாடசாலையில் இருந்தேன், பெயர் வேண்டாம். கடிதத்தில் கையெழுத்து வைத்துத் தந்தார்கள். நேரசூசியில் வாரத்தில் மூன்று நாள் எட்டாவது பாடவேளை எனக்குத் தரம் 10. "டீச்சர், நீங்க தாராளமாப் போங்க. ஆனா அந்தக் கிளாஸ யாரு பாக்கிறது?" என்று பிரிவுப் பொறுப்பாளர் கேட்பார். மரியாதையாகத்தான் கேட்டார். நாற்பது பிள்ளைகள் சும்மா இருக்கும் வகுப்பை விட்டு எந்த டீச்சரும் போக மாட்டாள் என்று அவருக்கும் தெரியும். மற்ற இரண்டு நாளும் வராத ஆசிரியர்களின் வகுப்புக்கு ரிலீஃப் வந்து விடும். அன்றும் வெறுமை இல்லை.

காலை ஆறே முக்காலுக்குப் பால் கொடுத்து விட்டுப் போனால் திரும்பக் கொடுப்பது பகல் இரண்டு மணிக்கு. ஏழு மணித்தியாலத்துக்கு மேல். மார்பு எவ்வளவு தடவை காலியாகிறதோ அதற்கேற்பத்தான் பால் சுரக்கும். நீண்ட நேரம் நிறைந்தபடியே இருந்தால் இரண்டு விடயம் நடக்கும். ஒன்று, சில வாரத்தில் பால் குறையத் தொடங்கும். மற்றது, தேங்கிய இடம் கட்டியாகும். எனக்கு மூன்றாவது வாரம் ஒரு பக்கம் கல் மாதிரி கட்டி, தோல் சிவந்து சூடாகி, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. டொக்டர் பார்த்தவுடன் பால்கட்டு அழற்சி என்றார், மருந்து தந்தார், பால் கொடுப்பதை நிறுத்தாமல் அந்தப் பக்கமும் கொடுக்கச் சொன்னார். ஒரு வாரம் சுகயீன லீவு. ஒரு மணித்தியாலம் தர முடியாத இடத்தில் ஒரு வாரம் முழுதும் என் ஆறு வகுப்புக்கும் ரிலீஃப் போட வேண்டி வந்தது.

இரண்டாவது பிள்ளைக்கு இப்போதுள்ள பாடசாலையில் வேறு மாதிரிச் செய்தோம். அதை அப்படியே எழுதுகிறேன்.

லீவு முடிய மூன்று வாரம் இருக்கும் போது அதிபரிடம் நேரம் கேட்டுப் போனேன். ஆனால் அதற்கு முந்தைய நாளே, நான் இல்லாத காலத்தில் என் வகுப்புகளைப் பார்த்த மூன்று பேருடனும் பேசினேன். இதுதான் முக்கியமான படி என்று நினைக்கிறேன். அவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் சொந்தப் பாடவேளைகளோடு என் வகுப்பு இரண்டையும் சுமந்தார்கள். அதாவது வாரத்துக்குப் பத்துப் பாடவேளை கூடுதல். நான் வரும் அன்றே அந்தப் பாரம் முழுதும் இறங்கும் என்றுதான் அவர்கள் நாள் எண்ணிக் கொண்டிருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லாமல் அதிபரிடம் போய்த் திட்டம் போட்டுக் கொண்டு வந்தால், ஸ்டாஃப் ரூமில் எட்டு வாரமும் முகம் பார்க்க முடியாது. அவர்களோடு பேசியதில் ஒரு விடயம் தெளிவாகியது: நான் புதிதாக ஒரு பாரத்தை அவர்கள் மேல் வைக்கவில்லை, இருக்கும் பாரத்தைப் படிப்படியாக இறக்கி எடுக்கிறேன்.

படிகள் இவை. முதல் இரண்டு வாரம் மூன்று வகுப்பு, 15 பாடவேளை. மூவரிடமிருந்தும் ஒவ்வொரு வகுப்பு எடுத்துக் கொண்டேன், அதனால் எல்லோருக்கும் முதல் நாளே பாதி பாரம் குறைந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரம் வரை நான்கு வகுப்பு, 20. ஆறாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை ஐந்து வகுப்பு, 25. ஒன்பதாம் வாரம் பிள்ளைக்கு ஆறு மாதம் தாண்டும், கடைசி இரண்டு பாடவேளையும் திறக்கும், ஆறாவது வகுப்பும் திரும்பி வரும், 30. யாருடைய பாரம் முதலில் இறங்குவது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். சாதாரண தரப் பரீட்சைக்குச் சொந்த வகுப்பைத் தயார்படுத்திக் கொண்டிருந்த டீச்சருக்கு முதலில்.

எந்த வகுப்பை முதலில் எடுப்பது என்பதிலும் காரணம் இருந்தது. தரம் 6, 7, 8ஐ முதலில் எடுத்தேன். தரம் 11ஐக் கடைசியாக விட்டேன். அந்தப் பிள்ளைகளுக்குப் பாதி அலகில் ஆசிரியர் மாறுவதை விட, கற்பித்துக் கொண்டிருப்பவரே அந்த அலகுகளை முடித்து விட்டுத் தருவது நல்லது. கையளிக்கும் போது ஒரு தாளில் எந்த அலகு முடிந்தது, எந்தப் பிள்ளைகள் பின்னுக்கு நிற்கிறார்கள் என்று எழுதித் தந்தார். அது ஒரு பக்கத் தாள்தான், ஆனால் எனக்கு இரண்டு வார வேலையை மிச்சப்படுத்தியது.

நேரசூசி மாற்றுவது நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. என் 30இல் ஏழு பாடவேளைகள் கடைசி இரண்டு இடங்களில் இருந்தன. அந்த ஏழில் நான்கு, நான் பிறகு எடுக்கப் போகும் வகுப்புகளுக்கு உரியவை. எனவே முதல் நாளுக்கு மூன்று மாற்றம்தான் தேவைப்பட்டது. ஒவ்வொரு மாற்றமும் அதே வகுப்புக்குப் போகும் இன்னொரு பாட ஆசிரியரோடு: தரம் 8க்கு செவ்வாய் எட்டாவது எனக்கு, மூன்றாவது விஞ்ஞானத்துக்கு என்றிருந்ததை இருவரும் கைமாற்றிக் கொண்டோம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். சித்திரம், சங்கீதம், நாட்டியம் போல ஒரே நேரத்தில் பிள்ளைகள் பிரிந்து போகும் தொகுதிப் பாடங்களைத் தொட முடியாது. ஒன்றை நகர்த்தினால் நான்கு ஆசிரியர்கள் நகர வேண்டும். மற்றப் பாடங்களோடு மட்டும் மாற்றுங்கள்.

பாடவேளையைக் குறைத்து விட்டு மற்ற வேலைகளை அப்படியே வைத்தால் பயனில்லை. அதனால் எட்டு வாரத்துக்கு வகுப்பாசிரியர் பொறுப்பு, காலை வாயிற் கடமை, பின்னேர மேலதிக வகுப்பு மூன்றும் இல்லை என்று எழுதினோம். ரிலீஃப் பட்டியலில் என் பெயர் இல்லை என்றும் தனியாக எழுதினோம். இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் மற்றது ஒன்றும் நிற்காது. 15 பாடவேளை உள்ள ஒருவரின் நேரசூசியில் வெறுமை நிறைய இருக்கும். ஆசிரியர் வராத அன்று ரிலீஃப் போடுபவரின் கண்ணுக்கு முதலில் படுவது அந்த வெறுமைதான். அவரைக் குறை சொல்ல முடியாது, பட்டியலில் பெயர் இருந்தால் போடத்தான் செய்வார். பதிலுக்கு, அடுத்த தவணையில் அந்த மூவருக்கும் வரும் ரிலீஃபில் வாரத்துக்கு இரண்டை நான் எடுப்பதாக அதே தாளில் எழுதினேன், எடுத்தும் கொடுத்தேன்.

வெறுமைப் பாடவேளை எங்கே விழ வேண்டும் என்பதும் யோசிக்க வேண்டிய விடயம். நான் கேட்டது, இடைவேளைக்கு முந்திய நான்காவது பாடவேளை. 9.50க்குத் தொடங்கி, இடைவேளையும் சேர 10.50 வரை ஒரு மணித்தியாலம். அந்த நேரத்தில் கதவு பூட்டக்கூடிய ஓர் அறையில் இருந்து பால் எடுப்பேன், பிறகு சாப்பிடுவேன். கையைக் கழுவி, சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில் எடுத்த பால் அறை வெப்பத்தில் நான்கு மணித்தியாலம் வரை இருக்கலாம் என்பார்கள். எங்கள் பக்கத்து வெயிலுக்கு நான் அதை நம்பவில்லை, ஸ்டாஃப் ரூம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஐஸ் பை போட்ட சின்னப் பையில் வீட்டுக்குக் கொண்டு போவேன். குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் வரை தாங்கும். அடுத்த நாள் மாமி அதைக் கோப்பையால் பிள்ளைக்குப் பருக்குவார். போத்தல் பழக்கவில்லை.

இப்படிச் செய்ததில் இடைவெளி எப்படி மாறியது என்று பாருங்கள். காலை 6.45க்குப் பால், 10க்கு எடுப்பது, 12.10க்கு வெளியேறித் தம்புள்ளைப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்தால் ஒரு மணிக்கு முன் வீட்டில் பிள்ளை கையில். ஏழு மணித்தியாலம் மூன்று, மூன்று மணித்தியாலமாகப் பிரிந்தது. அந்த எட்டு வாரத்தில் ஒரு நாளும் சுகயீன லீவு எடுக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

எல்லாம் நினைத்தபடி போனது என்று சொல்ல மாட்டேன். ஐந்தாம் வாரம் தவணைப் பரீட்சை வந்தது. பாடவேளைக் கணக்கில் நான் 20தான், ஆனால் திருத்த வேண்டிய விடைத்தாள்கள் நான்கு வகுப்புக்கும் சேர 150க்கு மேல். திருத்தும் வேலை நேரசூசியில் தெரியாது, அது இரவில்தான் நடக்கும். திட்டம் போடும் போதே தவணைக் கலண்டரைப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பரீட்சை வாரம் வந்தால் அந்த வாரம் அடுத்த படிக்கு ஏற வேண்டாம். நாங்கள் அப்படித்தான் ஐந்தாம் வாரத்தை நீட்டினோம்.

இன்னொன்று, கஷ்டம் முதல் வாரத்தில் தெரிவதில்லை. முதல் வாரம் எல்லோரும் விசாரிப்பார்கள், பிள்ளைகள் கார்ட் செய்து தருவார்கள், உற்சாகத்தில் ஓடி விடும். மூன்றாம், நான்காம் வாரம்தான் உண்மை தெரியும். எடுக்கும் பால் நாளுக்கு நாள் குறைவது, ஞாயிறு இரவே தலையிடி தொடங்குவது, குறிப்பேடு மூன்று நாள் பிந்துவது, இவை ஒரு வாரம் தொடர்ந்தால் அதிபரிடம் சொல்லி அதே படியில் இன்னொரு வாரம் நிற்க வேண்டும். எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது, பிள்ளை தூங்கினாலும் தூக்கம் வரவில்லை என்றால் அது நேரசூசியால் தீரும் விடயம் அல்ல. கிளினிக் மிட்வைஃபிடமோ டொக்டரிடமோ சொல்லுங்கள்.

நீண்ட நோய்க்குப் பிறகு வருபவர்களுக்கும் இதே முறை பொருந்துமா என்று கேட்டால், பாதி பொருந்தும். எங்களோடு இருக்கும் ஒரு ஸேருக்கு இருதய பைபாஸ் சத்திர சிகிச்சை நடந்தது. பிரசவ லீவில் முடிவு நாள் தெரியும், பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும் நாளும் தெரியும். நோயில் எதுவும் நிச்சயமில்லை. மெடிக்கல் சான்றிதழில் இத்தனையாம் திகதியிலிருந்து கடமைக்குத் தகுதி என்று ஒரு வரி இருக்கும். நேற்று வரை படுக்கை, இன்றிலிருந்து முழு வேலை என்ற மாதிரி. ஜெர்மனியில் ஹம்பர்க் முறை என்று ஒன்று இருக்கிறது. அங்கே டொக்டர், நோயாளியோடு பேசி முதலில் நாளுக்கு இரண்டு மணித்தியாலம், பிறகு நான்கு, பிறகு ஆறு என்று படித் திட்டம் எழுதுவார். அந்தக் காலம் முழுதும் அவர் நோயாளி என்றே கணக்கு, சுகயீனப் பணம் தொடரும், முடியாவிட்டால் நிறுத்தலாம். ஆகவே அவசரப்பட்டு ஓட வேண்டிய தேவை இல்லை.

அந்த ஏற்பாடு நமக்கு இல்லாவிட்டாலும் அதிலிருந்து ஒரு விடயத்தை எடுக்கலாம். டொக்டரிடம் எப்போது போகலாம் என்று மட்டும் கேட்காமல், எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்றும் எழுதிக் கேளுங்கள். ஸேருக்கு நெஞ்செலும்பு கூட இரண்டு மூன்று மாதம் போகும், அது வரை பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். நாற்பது பயிற்சிக் கொப்பிகள் உள்ள கட்டு எவ்வளவு பாரம் என்று ஆசிரியர்களுக்குத்தான் தெரியும். அந்த வரியை வைத்துத்தான் அவருடைய வகுப்புகளைக் கீழ் மாடிக்கு மாற்றி, கொப்பிகளை மாணவத் தலைவர்கள் கொண்டு வர ஏற்பாடு செய்தார்கள். படி ஏறுவதற்கு அவர் வைத்த அளவுகோலும் நல்லது: இன்று செய்த வேலைக்கு நாளைக் காலை உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பார். ஒரு வாரம் முழுதும் காலையில் சரியாக இருந்தால்தான் அடுத்த படி. வேலை செய்யும் நேரத்தில் உடம்பு பொய் சொல்லும், அடுத்த நாள் காலையில் சொல்லாது.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர் உள்ள சின்னப் பாடசாலையில் 15 பாடவேளைக்கு இறங்க முடியாது, மிச்சத்தை எடுக்க ஆள் இல்லை. அங்கே குறைந்தது கடைசி இரண்டு பாடவேளைகளைக் கைமாற்றி, ரிலீஃபும் மற்றக் கடமைகளும் இல்லாமல் பார்த்துக் கொள்ளலாம். ஆரம்பப் பிரிவு வகுப்பாசிரியருக்கு இன்னும் கஷ்டம், நாள் முழுதும் அதே பிள்ளைகள் அவரிடம்தான். வருடத் தொடக்கத்தில் லீவு முடியும் என்றால் முன்னதாக வீடு போகும் தரம் 1 அல்லது 2ஐக் கேட்கலாம். வருட நடுவில் அதற்காக வகுப்பை மாற்றினால் சின்னப் பிள்ளைகள்தான் கஷ்டப்படும்.

கார்மெண்டிலும் தோட்டத்திலும் வேலை செய்யும் சகோதரிகளுக்கு ஒரு வரி. உங்களுக்கு 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை வேலை நாளில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள், பிள்ளைகளைப் பார்க்கும் இடம் அங்கே இருந்தால் அரை மணித்தியாலம் வீதம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம் வீதம். சாப்பாட்டு இடைவேளையில் அது கழியாது.

அடுத்த மாதம் வரும் இரண்டு டீச்சர்மாரும் இந்த வாரமே மூன்று வேலை செய்யுங்கள். உங்கள் வகுப்புகளை இப்போது பார்ப்பவர்களோடு பேசுங்கள். உங்கள் நேரசூசியில் கடைசி இரண்டு இடங்களில் எத்தனை என்று எண்ணுங்கள். பிறகு அதிபரிடம் போய், படிகளையும் திகதிகளையும் ரிலீஃப் வரியையும் எழுதி, அவரும் நீங்களும் பிரிவுப் பொறுப்பாளரும் கையெழுத்து வைத்து ஆளுக்கொரு பிரதி வைத்துக் கொள்ளுங்கள். வாய்ச் சொல்லாக விட்டால் அதிபர் மாற்றலாகிப் போனால் அதுவும் அவரோடு போய் விடும். நேரசூசித் தாளைப் படம் பிடித்து இன்பொக்ஸில் அனுப்பினால், எந்தப் பாடவேளையை யாரோடு மாற்றலாம் என்று சேர்ந்து பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ்.